திங்கட்கிழமைக் கடை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் திங்கட்கிழமை என்றாலே கூட்டம்தான். கலெக்டர் ஆபீஸில் அன்றைக்குக் குறைதீர்ப்பு நாள். பட்டா மாறவில்லை, முதியோர் பணம் நின்றுவிட்டது, பக்கத்து நிலத்துக்காரன் வாய்க்காலை அடைத்துவிட்டான் என்று திட்டக்குடி, காட்டுமன்னார்கோவில், விருத்தாசலம் பக்கமிருந்தெல்லாம் மனுவும் கையுமாக வந்து இறங்குவார்கள். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் எத்திராஜ் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டார்.

அதற்கு முன்னால் திருப்பாப்புலியூரில் ஒரு ஓட்டலில் டீ மாஸ்டர். சம்பளத்துக்கு ஆற்றிய கை, சொந்தக் கடையிலும் அதே கைதான். ஆனால் ஓட்டலில் முடியாத ஒன்றை இங்கே செய்தார். டீத்தூள் பையை நாள் முழுக்க ஊறவிட மாட்டார். சாறு இறங்கியதும் கொட்டிவிட்டு, பையை வெந்நீரில் அலசிப் பிழிந்து புதுத்தூள் போடுவார். கசப்பு ஏறாத டீக்கு இதைத் தவிர வேறு ரகசியம் கிடையாது. தூள் செலவு கூடும். கூடட்டும் என்று விட்டார். மனு எழுதுகிற ரங்கநாதன் ஐயா முதல் மாதமே வாடிக்கையாகிவிட்டார். பக்கத்திலேயே ஷட்டர் போட்ட ஒரு நீளமான அறையில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பவர்.

2011 டிசம்பர் 30, காலையில் 'தானே' புயல் கரையைக் கடந்தது. வேப்பமரம் வண்டி மேலேயே சாய்ந்தது. பாய்லர் நசுங்கிவிட்டது. கடலூரில் கரண்ட் இல்லை, பால் வண்டி இல்லை, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்தன. மறுநாள் எத்திராஜ் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் அலுமினியக் குண்டானையும் தூக்கிக்கொண்டு அதே இடத்துக்கு வந்தார். மனைவி மல்லிகாவின் அண்ணன் வீட்டு மாட்டுப்பால் நாலு லிட்டர் கிடைத்தது. எவ்வளவு விலை சொன்னாலும் கொடுத்திருப்பார்கள். அவர் பழைய விலைக்கே, ஐந்து ரூபாய்க்கே கொடுத்தார்.

மின்கம்பம் நடுவதற்கு வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரர், ஈரோட்டுக்காரர் என்று ராத்திரி பகலாக வேலை. சேற்றுக் காலோடு வந்து நிற்பார்கள். எத்திராஜ் கணக்கு நோட்டில் ஊர்ப்பேர் போட்டு எழுதிவைத்தார். ஊருக்குக் கிளம்பும்போது ஒருவர் விடாமல் தீர்த்துவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பணத்தில்தான் அடுத்த பாய்லர் வந்தது.

அப்புறம் வண்டி பெட்டிக்கடையானது. பெட்டிக்கடைக்கு முன்னால் தார்ப்பாய், இரண்டு பெஞ்ச். மல்லிகா காலையிலேயே வந்து பருப்பு வடை தட்ட ஆரம்பித்தாள். இதெல்லாம் எல்லா டீக்கடையிலும் நடப்பதுதான்.

வடைச் சட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தபோதுதான் மல்லிகாவுக்கு ஒன்று கண்ணில் பட்டது. பெஞ்சில் பெண்கள் யாரும் உட்காருவதில்லை. மனு கொடுக்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மதில் ஓரமாக நிற்பார்கள். கூட வந்த ஆண் போய் டீ வாங்கிவந்து கொடுப்பான். தனியாக வந்தவள் அதுவும் குடிக்க மாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் மல்லிகாவே கிளாஸை நீட்டினாள். "வேண்டாம்மா," என்றாள் அந்த அம்மா.

"காசு வேணாம், குடிங்க."

"காசுக்கு இல்லம்மா. குடிச்சா ஒதுங்க இடம் வேணும்ல? காலையில நாலு மணிக்குப் பல்லுல தண்ணி பட்டது. வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன்."

அன்றைக்கு ராத்திரி மல்லிகா எத்திராஜிடம் அதைச் சொன்னாள். அவர் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பெண்களுக்கு டீ பிடிக்காது என்றே நினைத்திருந்தார்.

2020இல் ஊரடங்கு வந்து கடை மூடிக் கிடந்தது. திறந்தபோது தெருவோர வியாபாரிகளுக்கான கடனில் பேங்க் பத்தாயிரம் கொடுத்தது. தவணை தவறாமல் கட்டி முடித்ததும் இருபதாயிரம். அதே சமயத்தில் ரங்கநாதன் ஐயா, கண் தெரியவில்லை என்று தொழிலை விட்டார். எல்லாரும் செல்போனிலேயே மனு அடித்துக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள். "எத்திராஜு, ரூமை நீ எடுத்துக்கோ. ஓனர்கிட்ட நான் சொல்றேன்," என்றார். அட்வான்ஸ் நாற்பதாயிரம். மல்லிகாவின் சீட்டுப் பணமும் சேர்ந்துதான் அது கூடியது.

மகள் கயல் பி.காம் முடித்திருந்தாள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவுக்கு அவளே ஆன்லைனில் விண்ணப்பித்தாள். சின்னக் கடைக்கு அப்போது வருஷம் நூறு ரூபாய்தான். அறைக்கும் அவளிடம் ஒரு படம் இருந்தது. கண்ணாடிக் கதவு, தொங்குகிற லைட், நாலு மேசை. அவள் கணக்குப் போட்டுக் காட்டியதும் எத்திராஜ் சரி என்றார்.

மல்லிகா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பின்னாடி பக்கம் கக்கூஸ் கட்டணும். மொதல்ல அது. கண்ணாடி அப்புறம்."

"ஆளுங்க உள்ள வரணும்னா பார்க்க நல்லா இருக்கணும்மா," என்றாள் கயல்.

"பார்க்க நல்லா இருந்தா யார் வருவா? பையனுங்க வருவாங்க. அவங்களுக்கு மரத்தடியே போதும்."

ஓனர் முதலில் முடியாது என்றார். ரங்கநாதன் ஐயா தடியை ஊன்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். வாழ்க்கை முழுக்க அடுத்தவர்களுக்காக மனு எழுதியவர் இல்லையா, ஓனருக்கும் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுத்தாராம். கட்டுகிற செலவு உங்களுடையது, காலி செய்யும்போது திருப்பிக் கேட்கக்கூடாது என்ற பேச்சில் முடிந்தது. செப்டிக் டேங்குக்குக் குழி, கடப்பா கல், ஒரு தகரக் கதவு. கொத்தனாருக்குக் கொடுத்ததில் இருபதாயிரமும் போய், கயலின் கண்ணாடிக் கதவும் போயிற்று. கதவின் உட்பக்கத்தில் நல்ல கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து மல்லிகாவே வாங்கிவந்தாள். கொக்கியை மாட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, மறுபடியும் மாட்டிப் பார்த்தாள்.

மேசைகள் ஒரு பழைய ஸ்கூலில் ஏலம் விட்டவை. கயல் இழைத்து வார்னிஷ் அடிக்க வைத்தாள். டிகாக்ஷன் காபி, சுக்கு காபி, வெண்ணெய் தடவிச் சுட்ட பன் என்று பட்டியல் கொஞ்சம் நீண்டது. டீ விலையில்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் இழுபறி. மேசையில் உட்கார்ந்தால் இருபது என்றாள் அவள். நின்றாலும் உட்கார்ந்தாலும் பன்னிரண்டுதான் என்றார் எத்திராஜ். காபிக்கும் பன்னுக்கும் அவள் விலை, டீக்கு அவர் விலை என்று பேசி முடித்தார்கள். போர்டில் 'மல்லிகா கஃபே' என்று எழுதினார்கள். ரோட்டுப் பக்கம் பாய்லர் அப்படியே நின்றது. அதற்கும் ஆள் குறையவில்லை.

முதல் மாதம் கைக்கும் வாய்க்கும்தான் இருந்தது. இரண்டாவது மாதம் காலேஜ் பெண்கள் கண்டுபிடித்து வந்தார்கள். நர்ஸுகள் ஷிப்ட் முடிந்து வந்தார்கள். கோர்ட்டுக்கு வந்த ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மூலை மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மறுநாளே கயல் அந்த மூலைக்கு ஒரு திரை தைத்து மாட்டினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் செய்தாள். மல்லிகா வடை மாவைப் பிசைந்துகொண்டே அதைப் பார்த்தாள், மகள் முதுகில் ஈரக்கையோடு ஒரு தட்டுத் தட்டினாள்.

இந்தத் திங்கட்கிழமை திட்டக்குடியிலிருந்து எட்டுப் பெண்கள் வந்தார்கள். நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை என்று மனு. வாசலிலேயே தயங்கி நின்றார்கள். அதில் மூத்தவள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஏதாவது வாங்குனாத்தான் பாத்ரூம் போக விடுவீங்களா?" என்று கேட்டாள்.

"நேரா போய் இடது பக்கம். தண்ணி ரொப்பியிருக்கு, போய்ட்டு வாங்க," என்றாள் மல்லிகா.

ஒவ்வொருத்தராகப் போய் வந்தார்கள். இரண்டு மேசையை ஒட்டிப்போட்டு உட்கார்ந்தார்கள். மனுவில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது, கயலிடம் பேனா வாங்கிச் சேர்த்தார்கள்.

எத்திராஜ் பாய்லரிலிருந்து தலையைத் திருப்பி, "எட்டு டீயா?" என்றார்.

"ஏழுண்ணே. எனக்குப் பால், சக்கரை போடாம. அப்புறம் அந்த வடை சூடா இருக்கா?"