மாடி போர்ஷன் ஒழுகல், வாடகைக் குறைப்பு: வீட்டு உரிமையாளருக்கு

வணக்கம் அண்ணா,

தண்டையார்பேட்டை வீட்டு மாடி போர்ஷனில் மழை பெய்தாலே ஹாலிலும் படுக்கையறையிலும் ஒழுகுகிறது. மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்து கைப்பிடிச்சுவர் ஓரமாக வெடிப்பு விட்டிருக்கிறது, அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது என்று கொத்தனார் பார்த்துவிட்டுச் சொன்னார். கட்டிலுக்கு மேலே காரை விழுந்து கம்பி தெரிகிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் ஸ்விட்ச் போர்டுதான், சுவர் ஈரத்தில் தொட்டாலே ஷாக் அடிக்கிறது, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, அதனால் அந்த அறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஹாலில் ஒரு மூலையில் படுக்கிறோம்.

போனில் சொன்னபோதெல்லாம் பார்க்கலாம் என்றீர்கள். வடகிழக்கு மழை டிசம்பர் வரைக்கும் இருக்கும், அதுவரை இப்படியே ஓட்ட முடியாது. எலக்ட்ரீஷியனை இந்த வாரமே அனுப்புங்கள். மழை விட்டதும் வெடிப்பை அடைத்து தட்டோடு மாற்றிக் கொடுங்கள்.

ஒரு அறை உபயோகத்திலேயே இல்லாததால், வேலை முடியும்வரை வாடகை 9,000 ரூபாய்க்குப் பதில் 6,000 தருகிறேன், முடிந்த மாதத்திலிருந்து பழையபடி முழு வாடகை. 2017 வாடகைச் சட்டப்படி கட்டடப் பழுது உரிமையாளர் பொறுப்புதான் அண்ணா. சரி என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், போட்டோக்களை அங்கேயே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாடி போர்ஷன் குடித்தனக்காரர்