பின்னங்கள்: கடலை மிட்டாயிலிருந்து கோடு வரை

வகுப்பு: 4, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மாணவர்கள்: 22 பேர்
பாடம்: கணக்கு. அலகு: பின்னங்கள்
பாடவேளை: தலா 40 நிமிடமாக 3 நாள்

கற்றல் விளைவு

ஒரு முழுப்பொருளையும், பொருள்களின் தொகுப்பையும் சம பங்குகளாகப் பிரிப்பர். அந்தப் பங்கை வாயால் சொல்லி, படமாக வரைந்து, கடைசியில் குறியீடாக எழுதுவர். 1/2, 1/3, 1/4, 1/6, 1/8 ஆகியவற்றில் எது பெரிது என்று காரணத்தோடு சொல்வர்.

முன்னறிவு

அரை, கால், முக்கால் எல்லாம் கடைக்குப் போய்வரும் பிள்ளைகளுக்குத் தெரியும். கால் கிலோ சர்க்கரை, அரை லிட்டர் பால் என்று சரளமாகச் சொல்வார்கள். ஆனால் 'கால்' என்றால் நான்கு சம பங்கில் ஒன்று என்று பலருக்குத் தெரியாது. 250 கிராம் பொட்டலத்தின் பெயர் என்றே நினைத்திருப்பார்கள்.

தேவையான பொருள்கள்

கடலை மிட்டாய் 3 பட்டை. பழைய நாள்காட்டித் தாளில் 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் வெட்டிய பட்டைகள், ஒருவருக்கு 5 வீதம் 110. (24 செ.மீ. என்பதை மாற்ற வேண்டாம். 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். அளவுகோலால் குறிக்கச் சுலபம்.) புளியங்கொட்டை 150. வண்ணக்குச்சிகள். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு படியும் ஆழாக்கும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள்: கை

இன்று கரும்பலகையில் ஒரு பின்னம்கூட எழுதுவதில்லை. எழுதினால் பிள்ளைகள் பட்டையை விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

ஆர்வமூட்டல் (5 நிமிடம்): இருவரை முன்னால் அழைத்து, ஒரு கடலை மிட்டாயை வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாக உடைத்துக் கொடுத்து, "ஆளுக்குப் பாதி கொடுத்துட்டேன், சரிதானே?" என்று கேட்க வேண்டும். "டீச்சர், அவனுக்குப் பெருசு!" என்று வகுப்பே கத்தும். "ரெண்டு துண்டுதானே ஆக்கினேன், அப்புறம் என்ன?" என்று விடாமல் வாதாட வேண்டும். 'சமமா இல்ல' என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வரும்வரை நான் அதைச் சொல்லப்போவதில்லை. வந்தவுடன் பலகையில் பெரிதாக எழுதும் ஒரே சொல் அதுதான்: சமம்.

மடித்தல் (25 நிமிடம்): முதல் பட்டையை ஒரு முறை மடித்தால் இரண்டு சம பங்கு. இரண்டாவதை இரு முறை மடித்தால் நான்கு. மூன்றாவதை மூன்று முறை மடிக்கச் சொல்லும் முன், "எத்தனை பங்கு வரும்?" என்று கேட்க வேண்டும். ஆறு என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். திருத்தாமல் பிரித்துப் பார்க்கச் சொன்னால் எட்டு சம பங்கு கண்ணெதிரே கிடக்கும். மூன்றாகவும் ஆறாகவும் மடிப்பது பெரியவர்களுக்கே கோணலாகும். அதனால் 8 செ.மீ.க்கு ஒரு முறை, 4 செ.மீ.க்கு ஒரு முறை அளவுகோலால் குறித்து மடிக்கட்டும்.

ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பங்கில் விரலை வைத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "நான்கு சம பங்கில் ஒன்று", "எட்டு சம பங்கில் ஒன்று". சுருக்கமாக "நான்கில் ஒன்று" என்பது பிறகு தானாக வரும்.

கால் பங்கை இன்னொரு தடவை பாதியாக மடித்தால் அதன் பெயர் என்ன? அரைக்கால். பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது. இங்கே படியையும் ஆழாக்கையும் எடுத்து, எட்டு ஆழாக்கு அரிசி ஒரு படியை நிரப்புவதைக் காட்டலாம். நேரமிருந்தால் மட்டும்.

இரண்டாம் நாள்: கண்

நேற்றைய பட்டைகளைக் கோடு போடாத நோட்டில் வைத்து ஓரம் வரைந்து, மடிப்புகளைக் கோடுகளாக்கி, சொன்ன பங்குகளுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். "ஆறில் ஐந்து", "எட்டில் மூன்று", "மூன்றில் இரண்டு". நான் சொல்ல, அவர்கள் வரைய. பிறகு ஒருவர் வரைய, பக்கத்தில் இருப்பவர் சொல்ல.

அடுத்து, பலகையில் மூன்று சதுரங்கள். ஒன்று நான்கு நீளப் பட்டைகளாக, ஒன்று மூலைவிட்டங்களால் நான்கு முக்கோணங்களாக, ஒன்று கண்டபடி நான்கு துண்டுகளாக. எவற்றில் 'நான்கில் ஒன்று' இருக்கிறது? முக்கோணத்தைச் சிலர் மறுப்பார்கள். சதுரத் தாளை மூலைவிட்டங்களில் வெட்டி, முக்கோணங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்தால் சண்டை தீரும்.

கடைசி 15 நிமிடம் புளியங்கொட்டை. இருவருக்கு 12. நான்கு சம குவியலாக்கி, "12-இல் கால் பங்கு எவ்வளவு?" மூன்று. முக்கால் பங்கு? ஒன்பது. இதுவரை ஒரு பட்டையை மட்டுமே 'முழு'வாகப் பார்த்த பிள்ளைக்கு, 12 கொட்டையும் சேர்ந்து ஒரு முழு என்பது பெரிய தாவல். அவசரப்பட வேண்டாம்.

மூன்றாம் நாள்: கோடு

எட்டில் மூன்று வண்ணமிட்ட பட்டையைப் பலகையில் ஒட்டி, "இதை ஒவ்வொரு தடவையும் இவ்வளவு நீளமா எழுதணுமா? சுருக்கமா எழுத வழி சொல்லுங்க" என்று அவர்களிடமே கேட்க வேண்டும். '8-3', '8இல் 3' என்று ஏதேதோ எழுதுவார்கள். எல்லாவற்றையும் பலகையில் இடம்பெறச் செய்துவிட்டு, பிறகு நம் வழியைக் காட்டலாம்.

எழுதும் வரிசைதான் இந்தப் பாடத்தின் உயிர். முதலில் கோடு. அடுத்து கோட்டுக்குக் கீழே, மொத்தம் எத்தனை சம பங்கு: 8. கடைசியாக மேலே, எடுத்துக்கொண்டது எத்தனை: 3. கீழிருந்து மேலே எழுதினால், "எட்டில்" என்று சொல்லும்போது 8, "மூன்று" என்று சொல்லும்போது 3 என வாயும் கையும் ஒன்றாகப் போகும். மேலிருந்து எழுதப் பழக்கிய ஆண்டுகளில் 'எட்டில் மூன்று' என்று கேட்டு 8/3 என்று எழுதியவர்கள் என் வகுப்பில் நிறைய. அது கவனக்குறைவில்லை, காதில் விழுந்த வரிசையில் எழுதினார்கள், அவ்வளவுதான். "மூணு பை எட்டு" என்று படிப்பதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

தொகுதி, பகுதி என்ற பெயர்கள் இன்றுதான் வரும். பகுதி என்ற சொல்லை வழக்கில் 'துண்டு' என்ற பொருளிலும் சொல்கிறோம். எனவே மூன்று நாளும் துண்டுகளைப் 'பங்கு' என்றே சொல்லி, 'பகுதி'யைக் கீழ் எண்ணுக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஒப்பிடல்: "ஒரு மிட்டாயில் 1/4 வேணுமா, 1/8 வேணுமா?" எட்டு பெரிய எண் என்பதால் 1/8-ஐக் கேட்பவர்களுக்கு அதையே கொடுத்துவிடலாம். மீதி மிட்டாய் இதற்குத்தான். பிறகு எல்லாப் பட்டைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, பங்கு கூடக் கூட ஒவ்வொன்றும் சிறுத்துப்போவதை அவர்களே சொல்லட்டும்.

மதிப்பீடு (கடைசி 10 நிமிடம்)

1. ஆறு சம பங்கில் ஐந்து வண்ணமிட்ட படத்துக்குப் பின்னம் எழுதுக.
2. 3/8-க்குப் படம் வரைக.
3. மூன்று சம பங்கில் இரண்டு வண்ணமிட்ட படத்துக்கு ஒருவன் 2/1 என்று எழுதியிருக்கிறான். அவன் எதை எண்ணினான்?
4. 12 புளியங்கொட்டையில் 2/3 பங்கு எத்தனை?
5. 1/3, 1/6: எது பெரிது? ஏன்?

மூன்றாவது வினாவைத்தான் முதலில் திருத்த வேண்டும். வண்ணமிட்டதையும் இடாததையும் தனித்தனியே எண்ணும் பழக்கம் யாரிடம் இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

குறைதீர் கற்றல்

2-லும் 4-லும் தவறியவர்களுக்குக் கூடுதல் கணக்குத்தாள் வேண்டாம். கையில் புதுப் பட்டை கொடுத்து முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும். 22 பேரில் 6 பேருக்கு மேல் தவறினால் நான்காம் நாளும் மடிப்புதான். பின்னங்களின் கூட்டல் ஒரு வாரம் காத்திருக்கும்.

தொடர்பணி

வீட்டில் அரை, கால், முக்கால், அரைக்கால் என்ற சொற்களை யார் எதற்குச் சொல்கிறார்கள் என்று கேட்டு, மூன்றையாவது குறியீட்டோடு எழுதிவரச் சொல்ல வேண்டும்.