முதல் தள வடக்குச் சுவர்: செங்கல் வேலை நிராகரிப்பு

ஒப்பந்ததாரர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று சைட்டில் முதல் தள வடக்குப் பக்கத்து 9 அங்குலச் சுவரைப் பார்த்தேன், இந்த வேலையை ஏற்க முடியாது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் 3 மீட்டர் உயரத்தில் 22 மி.மீ. சாய்ந்திருக்கிறது, ஐ.எஸ். 2212 விடுவது 6 மி.மீ. தான். செங்குத்து மூட்டுகள் பல வரிசைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக ஏறுகின்றன, அப்படியென்றால் பிணைப்பே இல்லை, நாளைக்கு விரிசல் அந்தக் கோட்டில்தான் விடும்.

கல்லும் சரியில்லை. போன வாரம் எடுத்த மாதிரிகளில் நீர் உறிஞ்சல் 26 சதவீதம், வரம்பு 20. அதையும் நனைக்காமலே வைத்துக் கட்டியதால் கலவையின் தண்ணீரைக் கல் குடித்துவிட்டது, விரலால் சுரண்டினாலே கலவை உதிர்கிறது.

10 நாளுக்குள் சுவர் முழுவதையும் உங்கள் செலவிலேயே இடித்து அகற்றுங்கள். மேலே பூசி மறைப்பதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். புதுக் கல் வந்ததும் மாதிரி காட்டுங்கள், அப்புறம் முதல் நான்கு வரிசை ஏறியதும் என்னைக் கூப்பிடுங்கள், பார்த்துவிட்டுத்தான் மேலே கட்ட வேண்டும். அதுவரை இந்தச் சுவருக்கான பில்லுக்குக் கையெழுத்து இல்லை.

அஸ்திவாரத்தை நீங்கள் நன்றாகவே செய்தீர்கள். அதே கொத்தனார்களை இதற்கும் போடுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமான ஆலோசகர்