சோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மழைக்காலம் தொடங்கிவிட்டது. இனி வயிற்றுப்போக்கு என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு ஆட்கள் வருவார்கள். வீடு வீடாகப் போகும் நீங்கள், சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லிக்கொடுத்தே அதில் பல பிள்ளைகளை அந்த நிலைக்கு வராமல் காப்பாற்றலாம்.

காலரா, டைபாய்டு, ரத்தபேதி கொடுக்கும் ஷிகெல்லா, இந்த பாக்டீரியாக்கள் எல்லாம் நோயாளியின் மலத்தில்தான் வெளியேறுகின்றன. அடுத்தவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவற்றுக்குப் பிழைப்பு. தண்ணீர், ஈ, சோறு, கை என்று பல வழிகள் உண்டு. குடிநீர்க் குழாயை நாம் இன்றைக்கே மாற்ற முடியாது. கையை இன்றைக்கே கழுவலாம்.

வீடுகளில் நீங்கள் அதிகம் கேட்கப்போவது இதுதான்: "பால் குடிக்கிற பிள்ளைதானே அக்கா, அதில் என்ன அசிங்கம்?" கைக்குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமி இருக்கும். குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் மூத்த பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறார்கள். வயிற்றுப்போக்கு வீட்டுக்குள் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். பிசைந்த சோறு மீந்து வெளியே கிடந்தால் இன்னும் மோசம். ஈகோலை போன்ற பாக்டீரியா, வெதுவெதுப்பான இடத்தில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்றே ஒன்று விழுந்தால்கூட மூன்று மணி நேரத்தில் 500-ஐத் தாண்டிவிடும். கோபப்படாமல், அந்த அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது? மீன் குழம்பு சாப்பிட்ட கையைத் தண்ணீரில் மட்டும் கழுவிப் பாருங்கள், பிசுக்கு போகாது. கிருமியும் அந்தப் பிசுக்கில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்பு பிசுக்கைத் தோலிலிருந்து பிரித்துவிடும், தேய்த்தால் கிருமி அதோடு கழன்று தண்ணீரில் ஓடிவிடும். விலை உயர்ந்த சோப்பு தேவையில்லை, சாதாரண சோப்பே போதும். ஆனால் 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். கட்டைவிரலையும் நகக்கண்ணையும் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தட்டில் கை நனைத்துக் கழுவுவது கழுவியதாகாது, மேலிருந்து ஊற்ற வேண்டும். அப்புறம் காற்றிலோ சுத்தமான துணியிலோ கையைக் காயவிட வேண்டும். ஈரக் கையில் கிருமி எளிதாக ஒட்டும், எளிதாக அடுத்ததற்கும் மாறும்.

கழிப்பறை போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும், சமைக்கும் முன்னும், சாப்பிடும், ஊட்டும் முன்னும் கழுவ வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் வீட்டுக்குப் போனதும் கேள்வி கேட்பதற்கு முன் சோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளியலறை மாடத்தில் இருந்தால், கழிப்பறையிலிருந்து வருகிறவர் அதைத் தேடிப் போக மாட்டார். ஒரு துண்டுச் சோப்பைப் பழைய வலைப்பையில் போட்டு, கழிப்பறைக் குழாயிலேயே நீங்களே கட்டிவிடுங்கள். அடுத்த வாரம் போகும்போது அது தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது எல்லோரும் குழாயடிக்கு வாருங்கள். ஒருவர் ஊற்றட்டும், ஒருவர் கழுவிக் காட்டட்டும், நான் விநாடி எண்ணுகிறேன்.