இந்த வருஷச் சம்பள உயர்வு: டீம் மீட்டிங்கில் மேனேஜர் பேசியது

எல்லாரும் வந்தாச்சா? டிஸ்பாட்ச்ல இருந்து இன்னும் ரெண்டு பேர் வரணும்னு நினைக்கிறேன். சரி, வந்துடுவாங்க, ஆரம்பிக்கிறேன்.

முதல்ல நம்பரைச் சொல்லிடறேன். அதைக் கடைசியில சொல்லலாம்னு வெச்சுக்கிட்டா, நடுவுல நான் பேசுறது எதுவும் உங்க காதுல ஏறாது. கீழே இருக்கிற ரெண்டு கிரேடுக்கும் அடிப்படைச் சம்பளத்துல 4 சதவீதம். மத்த எல்லாருக்கும் 2.5 சதவீதம். மேனேஜர்களுக்கு இந்த வருஷம் எதுவும் இல்லை. அடுத்த மாசச் சம்பளத்துலயே சேர்ந்து வரும். வருஷ போனஸ் கிடையாது.

குறைவுதான். விலைவாசி ஏறுற வேகத்துக்கு இது ஈடு கொடுக்காது. சம்பள ஸ்லிப்புல தொகை கூடியிருக்கும். ஆனா அதை வெச்சு வாங்குற சாமான் போன வருஷத்தைவிடக் குறைவாத்தான் இருக்கும். அதனால இதை நல்ல செய்தின்னு சொல்லி உங்க முன்னாடி நிக்க எனக்கு மனசு வரலை. ஆளுக்கொரு பாராட்டுப் பத்திரம் கொடுத்து, கேக் வெட்டி இதை அறிவிக்கலாம்னு ஒரு யோசனை வந்தது. வேண்டாம்னுட்டேன்.

ஏன் இவ்வளவுதான்? நம்ம பெரிய கஸ்டமர்கள்ல ஒருத்தர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. இன்னொருத்தர் ஆர்டரைப் பாதியாக் குறைச்சுட்டார். மூலப்பொருள் விலை ஏறுச்சு. நம்ம விலையை அதே அளவு ஏத்தினா மிச்சம் இருக்கிறவங்களும் போயிடுவாங்க. நான் 6 சதவீதம் கேட்டேன். முதல்ல வந்த பதில், ‘இந்த வருஷம் உயர்வே வேண்டாம்.’ பேசிப் பேசி, மொத்தச் சம்பளச் செலவுல 3 சதவீதத்துல வந்து நின்னுச்சு. அதை எப்படிப் பிரிக்கிறதுங்கிறது மட்டும்தான் என் கையில இருந்தது.

அந்தப் பிரிப்பைப் பத்திக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இதுல வருத்தப்படப் போறவங்க இங்க இருக்காங்க. வழக்கமா ரேட்டிங் பார்த்துக் கொடுப்போம். இந்தத் தடவை அப்படிக் கொடுத்திருந்தா, ராத்திரி பகலா வேலை பார்த்தவருக்கும் சுமாராப் பார்த்தவருக்கும் நடுவுல அரை சதவீதம்தான் வித்தியாசம் வந்திருக்கும். அரை சதவீதத்தை நீட்டி ‘உன் உழைப்புக்கு மரியாதை’ன்னு சொல்றது மரியாதை இல்லைங்க. அதுக்குப் பதிலா, விலைவாசி யாரை அதிகமா அடிக்குதோ அவங்க பக்கம் கொஞ்சம் தள்ளினேன். நல்லா உழைச்சவங்களோட ரேட்டிங் ஃபைல்ல அப்படியே இருக்கு. பதவி உயர்வு பேசும்போது அதைத்தான் எடுப்போம்.

‘ஒரே தடவையா ஒரு தொகை கொடுத்திருக்கலாமே, கைக்குப் பெருசா வந்திருக்குமே’ன்னு சிலர் கேட்டீங்க. அது கம்பெனிக்குத்தான் லாபம். ஒரு தடவை கொடுத்தா அத்தோட கணக்கு முடிஞ்சது. அடிப்படையில ஏறினது ஒவ்வொரு மாசமும் வரும். அடுத்த வருஷ உயர்வும் அந்த ஏறின தொகை மேலதான் கணக்காகும். 100 இருக்கிற இடத்துல 104 ஆச்சுன்னா, அடுத்த 5 சதவீதம் 104-க்குத்தான். அதனாலதான் பிடிவாதமா அடிப்படையிலயே கேட்டேன்.

இப்ப, நீங்க வாய்விட்டுக் கேட்காத கேள்வி. ஆள் குறைப்பு இருக்கா? இன்னைக்கு அப்படி எந்த முடிவும் இல்லை. இந்த டீமோட இப்போதைய ஆள் பலத்தை வெச்சுத்தான் அடுத்த அரையாண்டுக்கான பட்ஜெட் ஒப்புதல் ஆகியிருக்கு. அதுக்கு அப்புறம் என்ன ஆகும்னு நான் வாக்குக் கொடுத்தா அது பொய். நிலைமை மாறினா, கேன்டீன்ல காதுல விழுறதுக்கு முன்னாடி என் வாயால கேட்பீங்க, அதை மட்டும் உறுதியாச் சொல்றேன்.

காலியா இருக்கிற ரெண்டு இடத்துக்கு இப்போதைக்கு ஆள் எடுக்க மாட்டாங்க. அந்த வேலையையும் உங்க தலையில கட்டிட்டு 2.5 சதவீதம்னு சொன்னா நியாயம் இல்லை. அதனால வாராந்திர ரிப்போர்ட் ரெண்டை நிறுத்தறோம். சனிக்கிழமை ஸ்டாக் செக் இனி மாசம் ஒரு தடவைதான். ஓவர்டைம் பார்த்தா பில் போடுங்க, கூச்சப்படாதீங்க. கையெழுத்துப் போடறது நான்தான்.

யாராவது வெளியில வேலை தேடுறதா இருந்தா கோவிச்சுக்க மாட்டேன். குடும்பம் இருக்கு, கடன் இருக்கு, எனக்கும் தெரியும். போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னால ஏதாவது செய்ய முடியுமான்னு பார்க்கிறேன், முடியலைன்னா நல்லபடியா அனுப்பி வைக்கிறேன்.

கடிதம் மதியம் 3 மணிக்கு மேல என் ரூம்ல தனித்தனியாக் கொடுக்கிறேன். நைட் ஷிஃப்ட் ஆளுங்க தூங்காம காத்திருக்காங்க, அவங்களுக்கு இப்பவே கொடுத்துடறேன். கணக்குல சந்தேகம் இருந்தா கடிதத்தோட பழைய ஸ்லிப்பையும் எடுத்துட்டு வாங்க, உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்ப நீங்க கேளுங்க. பின் வரிசையில கை தூக்கினது யாரு? சொல்லுங்கண்ணே.