கணுக்கால் புண்: கட்டுக் குறிப்புகளிலிருந்து தொகுத்த வாராந்தர ஆறுதல் பதிவேடு

நோயர்: 62 வயதுப் பெண். இடது காலின் உட்புறக் கணுக்காலுக்கு மேலே சிரை இரத்த ஓட்டக் குறைவால் வந்த புண். காலுக்குச் செல்லும் தமனி ஓட்டம் போதுமானது என்று மருத்துவர் பரிசோதித்து உறுதிசெய்த பிறகே அழுத்தக் கட்டு தொடங்கப்பட்டது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் கட்டு மாற்றப்படுகிறது.

வீட்டுக்கு வந்து கட்டு மாற்றிய செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் எழுதிய குறிப்புகளை, அடுத்த வாரம் புண்ணைப் பார்க்கவிருக்கும் மருத்துவருக்காக இங்கே வாரவாரியாக அடுக்கியிருக்கிறேன். அளவு திங்கட்கிழமைக் குறிப்பிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டது. புண்ணைக் கழுவிய பின், கால் ஒரே நிலையில் நீட்டியிருக்க, தலையிலிருந்து பாதம் நோக்கிய திசையில் நீளமும் அதற்குக் குறுக்காக அகலமும் அளக்கப்பட்டன. பரப்பு என்பது நீளத்தை அகலத்தால் பெருக்கியது. புண் ஒழுங்கான செவ்வகம் அன்று என்பதால் இது உண்மைப் பரப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே முறையில் கணக்கிடுவதால் ஒப்பிடப் போதுமானது.

கசிவைக் குறிக்கக் குறிப்புகளில் ஆளுக்கொரு சொல் இருந்தது. ஆகவே கட்டின் உள்பஞ்சு லேசாக ஈரமானதைக் "குறைவு" என்றும், பாதியளவு நனைந்ததை "நடுத்தரம்" என்றும், முழுவதும் நனைந்து வெளிக்கட்டு வரை ஊறியதை "மிகுதி" என்றும் மாற்றி, அந்த வாரத்தின் மூன்று குறிப்புகளில் அதிகமாக இருந்ததைப் பதிந்துள்ளேன். "பரவாயில்லை", "நன்றாக இருக்கிறது" போன்ற சொற்களை எந்தப் பத்தியிலும் சேர்க்கவில்லை; அவற்றிலிருந்து ஓர் அளவை ஊகித்து எழுதுவது, எழுதாமல் விடுவதைவிடக் கெடுதல்.

| வாரம் தொடக்கம் | அளவு: நீளம் × அகலம் × ஆழம் (செ.மீ.), பரப்பு (ச.செ.மீ.) | கசிவு | தோற்றம் |
|---|---|---|---|
| 1: 03.06.2024 | 5.2 × 3.8 × 0.4, 19.8 | மிகுதி. தெளிந்த மஞ்சள் நீர் | 70% மஞ்சள் இழைப்படலம், 30% சிவந்த சதை. சுற்றுத்தோல் வெளிறி ஊறியுள்ளது |
| 2: 10.06.2024 | 5.0 × 3.7, ஆழம் குறிக்கப்படவில்லை, 18.5 | மிகுதி. தெளிந்த நீர் | 60% படலம், 40% சிவப்பு. சுற்றுத்தோல் ஊறல் தொடர்கிறது |
| 3: 17.06.2024 | 5.3 × 3.8 × 0.5, 20.1 | மிகுதி. இரத்தம் கலந்த நீர் | 20% படலம், 80% சிவப்பு. விளிம்பு தெளிவாகியுள்ளது |
| 4: 24.06.2024 | 4.6 × 3.3 × 0.3, 15.2 | நடுத்தரம். தெளிந்த நீர் | 10% படலம், 90% சிவப்பு. ஊறல் இல்லை |
| 5: 01.07.2024 | 4.0 × 2.8 × 0.2, 11.2 | நடுத்தரம். தெளிந்த நீர் | முழுதும் சிவப்பு. கீழ் விளிம்பில் இளஞ்சிவப்புப் புதுத்தோல் |
| 6: 08.07.2024 | 3.4 × 2.4 × 0.2, 8.2 | குறைவு. தெளிந்த நீர் | சிவந்த சதை, ஓரமெங்கும் புதுத்தோல் |

மூன்றாம் வாரத்தில் பரப்பும் ஆழமும் கூடியிருப்பதை மட்டும் பார்த்தால் புண் மோசமானதாகத் தோன்றும். ஆனால் அன்று காலையில்தான் அளப்பதற்கு முன்பு மஞ்சள் படலம் சுரண்டி நீக்கப்பட்டது என்று குறிப்பு சொல்கிறது. படலம் மூடியிருந்த பகுதி வெளிப்பட்டதால் எண் உயர்ந்தது, இரத்தம் கலந்த கசிவும் அதனால்தான். அதே வாரத்தில் சீழோ, கழுவிய பிறகும் நீங்காத துர்நாற்றமோ, சுற்றிலும் பரவும் சிவப்போ, காய்ச்சலோ எந்தக் குறிப்பிலும் இல்லை. வாரத்துக்கு ஓர் அளவு மட்டும் எழுதிக் காரணத்தை விட்டிருந்தால், இந்த ஒரு வரிசையே மருத்துவரைத் தவறான முடிவுக்குக் கொண்டு சென்றிருக்கும்.

முதல் இரு வாரச் சுற்றுத்தோல் ஊறலுக்குக் காரணம், கசிவின் அளவுக்குப் பழைய கட்டு ஈடுகொடுக்கவில்லை என்பதே. இரண்டாம் வார வெள்ளிக்கிழமை முதல் அதிகம் உறிஞ்சும் நுரைக்கட்டும் தோலுக்குத் தடுப்புப் பூச்சும் இடப்பட்டன. நான்காம் வாரத்தில் ஊறல் மறைந்தது.

முதல் அளவையும் ஐந்தாம் வாரத் திங்கள் அளவையும் ஒப்பிட்டால், இடைப்பட்ட நான்கு வாரங்களில் பரப்பு ஏறத்தாழ 43% குறைந்துள்ளது. சிரைப் புண்களில் இக்கால அளவில் 40% குறைவு, ஆறும் வாய்ப்புக்கு நல்ல அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. ஆறாம் வாரத்தில் குறைவு 59%.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: கசிவு குறைந்துள்ளதால் கட்டு மாற்றுவதை வாரத்துக்கு இரு முறையாக்கலாமா என்பதும், கால் வீக்கம் வடிந்து வருவதால் அழுத்தக் கட்டின் அளவைத் திருத்த வேண்டுமா என்பதும் ஆகும். அடுத்த அளவு 15.07.2024 திங்களன்று எடுக்கப்படும்; அன்று கட்டு மாற்றும் செவிலியர் ஆழத்தையும் தவறாமல் குறிக்க வேண்டுகிறேன்.