உணவு ஆலோசனைக் குறிப்பு – சிறுநீரகப் புறநோயாளர் பிரிவு

10.03.2025. ஆண், 58 வயது, 62 கிலோ. சர்க்கரை நோயுடன் நான்காம் நிலை சிறுநீரக நோய், டயாலிசிஸ் இல்லை. கிரியேட்டினின் 2.9, இ.ஜி.எஃப்.ஆர் 24, பொட்டாசியம் 5.7, கால் வீக்கம் லேசாக.

பொட்டாசியம்தான் இப்போதைய கவலை. தினமும் இளநீர், இரவில் வாழைப்பழம், போதாததற்கு 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் வாங்கியது. அதில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதை மனைவியிடம் பாக்கெட்டிலேயே காட்டினேன். மூன்றையும் இன்றே நிறுத்தச் சொல்லியாயிற்று. சாதாரண உப்பு, நாள் முழுவதற்கும் ஒரு சிறு கரண்டி (5 கிராம்). காலையிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்துவைக்கவும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத் தாளிக்கவும். வடித்த நீரை ரசத்தில் சேர்க்கக் கூடாது. இவர்கள் வீட்டில் அதுதான் நடந்திருக்கிறது. கீரை, தக்காளித் தொக்கு தவிர்க்கவும். பழம்: சிறு ஆப்பிள் அல்லது கொய்யா பாதி.

புரதம் நாளுக்கு 45 கிராம்: பருப்பு ஒருவேளை மட்டும், முட்டை வெள்ளை இரண்டு.

சர்க்கரை தாழ்ந்தால் ஜூஸ் கூடாது. தண்ணீரில் மூன்று சிறு கரண்டி சர்க்கரை.

பொட்டாசியம் மறுபரிசோதனை: மருத்துவர் சொன்னபடி 13.03.2025. உணவுக் குறிப்பேட்டுடன் 24.03.2025, பிறகு 21.04.2025. நெஞ்சுப் படபடப்பு, கைகால் தளர்ச்சி வந்தால் உடனே அவசரப் பிரிவு.